வீடு காலி செய்யும்போது பொருள் பட்டியலை எப்படி எழுதுவது?

கேள்வி: வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் மூன்று வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 22,000, அட்வான்ஸ் 66,000. மாடுலர் கிச்சன், அலமாரிகள், இரண்டு கீசர், ஒரு ஏசி, ஒரு கட்டில் எல்லாம் ஓனருடையவை. குடிவந்தபோது அக்ரிமென்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு லிஸ்ட் போட்டுத் தந்தார். அதில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். "சாவியைக் கொடுத்துட்டுப் போங்க, அப்புறம் பார்த்துட்டுக் கழிச்சு அனுப்புறேன்" என்கிறார். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பாராம். எதை, எப்படி எழுதி வாங்க வேண்டும்?
ஒரு வாசகி, சென்னை

பதில்: "அப்புறம் பார்த்துட்டு" என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சாவி கொடுத்த மறுநாளே புரோக்கர் ஆள் கூட்டி வருவார், பெயின்டர் ஏணியோடு வருவார், ஏசி மெக்கானிக் வருவார். அதன்பின் அலமாரிக் கதவில் ஒரு கீறல் தெரிந்தால் அது யாருடைய நாளில் விழுந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் ஓனரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள்: "30ஆம் தேதி காலை 10 மணிக்குச் சாமான் எல்லாம் இறங்கியிருக்கும். நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுச் சாவி தந்துவிடுகிறேன்." பெரும்பாலான ஓனர்கள் இதற்கு மறுப்பதில்லை. நேரமும் வேலையும் திட்டமாகத் தெரிந்தால் வந்துவிடுவார்கள்.

நேரத்தை நான் காலை 10 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சாமான் உள்ளே இருக்கும்போது பார்த்தால் கட்டிலுக்குப் பின்னால் இருக்கும் சுவரும் அலமாரியின் அடிப்பலகையும் தெரியாது. மாலையில் பார்த்தால் லேமினேட் கீறலும் டைல்ஸ் விரிசலும் டியூப்லைட் வெளிச்சத்தில் மறைந்துவிடும். லாரி கீழே காத்திருக்கும்போது பார்த்தால் இரண்டு பேருக்குமே பொறுமை இருக்காது. வீடு காலியாக, பகல் வெளிச்சத்தில், கரண்டும் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் பார்ப்பதுதான் சரி. மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் வால்வை மூடிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எதையும் சோதிக்க முடியாமல் போய்விடும்.

அதற்குப் பத்து நாள் முன்னால் நீங்கள் தனியாக ஒரு சுற்று பாருங்கள். அன்று கண்டுபிடிக்கும் சின்னப் பழுதுகளை உங்கள் பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் வைத்து உங்கள் செலவில் சரிசெய்துவிடலாம். அதே பழுதை ஓனர் கண்டுபிடித்து அட்வான்ஸில் கழித்தால், அவர் கொண்டுவரும் ஆளின் கூலியை நீங்கள் கொடுப்பீர்கள்.

இனி பட்டியல். அக்ரிமென்ட்டின் கடைசிப் பக்கம் எண்ணிக்கை மட்டும் சொன்னாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். "ஃபேன் 5, டியூப்லைட் 7, கீசர் 2" என்று இருந்தால் அதே வரிசையில்தான் உங்கள் பட்டியலும் தொடங்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டம் போதும்: பொருளும் இருக்கும் இடமும், குடிவந்தபோது இருந்த நிலை, இன்று இருக்கும் நிலை, போட்டோ எண்.

இரண்டாவது கட்டம்தான் உங்களுக்குச் சிக்கல். அதை நினைவிலிருந்து நிரப்பினால் ஓனர் ஏற்க மாட்டார். ஆதாரம் தேடுங்கள். வீடு பார்க்க வந்தபோது புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள், வாடகை விளம்பரத்தில் இருந்த படங்கள், குடிவந்த முதல் வாரத்தில் எடுத்த குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் எடுங்கள். பால் காய்ச்சிய அன்று எடுத்த படத்தின் பின்னணியில் கிச்சன் கதவு எப்படி இருந்தது என்று தெரியும். "சின்ன பாத்ரூம் கீசர் சத்தம் போடுகிறது" என்று குடிவந்த மாதமே ஓனருக்கு அனுப்பிய ஒரு செய்தி இருந்தால், அது ஒரு பத்தி வாக்குவாதத்தை விட மேலானது. எதற்கும் ஆதாரம் கிடைக்காத இடத்தில் "பதிவு இல்லை" என்று எழுதுங்கள். "நன்றாக இருந்தது" என்று நீங்களும் எழுதக்கூடாது, அவரும் எழுதவிடக்கூடாது.

"நல்ல நிலை", "சுமார்", "பழையது" ஆகிய மூன்று சொற்களும் பட்டியலில் வரவே கூடாது. அவை அவரவர் அபிப்பிராயம். ஆறு வாரம் கழித்துப் படிக்கும்போது ஆளுக்கொரு அர்த்தம் வரும். கண்ணால் பார்த்ததையும் சோதித்துத் தெரிந்ததையும் மட்டும் எழுதுங்கள். ஓர் உதாரணம்:

"பெரிய படுக்கையறை அலமாரி, இடது கதவு. கீழ் ஓரத்தில் லேமினேட் 4 செ.மீ. நீளத்துக்குப் பிரிந்து நிற்கிறது. கீல் 3, மூன்றும் இறுக்கமாக உள்ளன. கதவு முழுதாக மூடுகிறது. பூட்டு வேலை செய்கிறது, சாவி 1. உள்ளே தட்டு 4, கம்பி 1. போட்டோ 14, 15."

இந்த ஏழு வாக்கியத்தில் சண்டை போட எதுவும் இல்லை. எங்கே, எவ்வளவு, வேலை செய்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறது. எந்தக் கதவின் எந்த ஓரம் என்று எழுதாமல் "லேமினேட் பிரிந்துள்ளது" என்று மட்டும் விட்டால், அடுத்த மாதம் வலது கதவில் ஏற்படும் சேதமும் அந்த வரிக்குள் நுழைந்துவிடும்.

எல்லாப் பொருளையும் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியதில்லை. டியூப்லைட், சுவிட்ச், கர்ட்டன் ராடு போன்றவற்றுக்கு எண்ணிக்கையும் "எரிகிறது", "எரியவில்லை" என்பதும் போதும். நேரத்தைச் செலவழிக்க வேண்டியது பணம் அதிகம் போகும் நான்கு இடங்களில்: கீசர், ஏசி, கிச்சன் சிங்க்குக்குக் கீழ் அறை, மரச்சாமான்.

கீசரில் முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைப் பார்த்துவிட்டு மூடுங்கள். டாங்க் காலியாக இருக்கும்போது சுவிட்ச் போட்டால் எலிமென்ட் கருகிவிடும். பிறகு சுவிட்ச் போட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் என்றால் ஏறக்குறைய 20 நிமிடத்தில் தண்ணீர் சூடாகித் தெர்மோஸ்டாட் தானே கரண்டைத் துண்டிக்க வேண்டும், விளக்கு அணைய வேண்டும். 40 நிமிடமாகியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்து தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தால் எலிமென்ட்டோ தெர்மோஸ்டாட்டோ சரியில்லை. போர்வெல் தண்ணீர் கடினமாக உள்ள இடங்களில் எலிமென்ட்டின் மேல் சுண்ணாம்பு படிவது வழக்கம். சூடாகும்போது சடசடவென்று சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுதான். பட்டியலில் "10.05க்குப் போட்டது, 10.27க்கு விளக்கு அணைந்தது, கீழே கசிவு இல்லை" என்று எழுதினால் முடிந்தது. கீசரை முதலில் போட்டுவிட்டு மற்ற அறைகளைப் பாருங்கள், நேரம் மிச்சமாகும்.

ஏசிக்கும் அப்படியே. எல்லாக் கதவையும் மூடி, ரிமோட்டில் 18 வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை ஏசி காற்று வெளியேறும் இடத்தில் பிடித்து ஒரு அளவும், மேலே காற்று உள்ளிழுக்கும் இடத்தில் ஒரு அளவும் எடுங்கள். இரண்டுக்கும் 8 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குளிர்ச்சி சரி. வித்தியாசம் குறைந்தால் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம். ஃபில்டரை முன்கூட்டியே கழுவி வையுங்கள். உள் யூனிட்டின் ஓரத்தில் தண்ணீர் சொட்டுகிறதா, வெளியே டிரெயின் குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ரிமோட் இருக்கிறதா என்பதும் ஒரு வரியே.

ஃபேன்களை ரெகுலேட்டரின் ஒவ்வொரு எண்ணிலும் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லா வேகத்திலும் மெதுவாகவே சுற்றினால் பெரும்பாலும் கபாசிட்டர் பலவீனமாகியிருக்கும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் பாகம்தான், பத்து நாள் முன்னால் நடத்திய சுற்றிலேயே மாற்றிவிடுங்கள். தள்ளாடினால் இறக்கை வளைந்திருக்கலாம்.

சிங்க்குக்குக் கீழே பார்ப்பதற்கு மட்டும் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்த வேலையில் அதிகப் பணம் போவதும் அதிகமாக மறைந்திருப்பதும் அங்கேதான். அடியில் அடுக்கிய பாத்திரங்களை எடுத்துவிட்டு, பலகையின் மேல் ஒரு காய்ந்த நியூஸ்பேப்பர் விரியுங்கள். சிங்க்கை முக்கால்வாசி நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். மெல்ல ஓடும் தண்ணீரில் தெரியாத கசிவு, நிறைந்த சிங்க் ஒரே வேகத்தில் இறங்கும்போது தெரியும். சிங்க்குக்கும் வேஸ்ட் கப்ளிங்குக்கும் இடையே உள்ள வாஷர், குழாய் வளைவின் இணைப்பு ஆகிய இரண்டிலும்தான் சொட்டும். பேப்பரில் ஈரப்பொட்டு எங்கே விழுந்ததோ அதற்கு நேர் மேலே பாருங்கள். பின் பலகையும் கீழ் ஓரமும் உப்பியிருக்கின்றனவா என்று விரலால் தடவுங்கள். பார்ட்டிகிள் போர்டு ஈரம் ஏறினால் ஓரம் தடித்துப் பெயின்ட்டோ லேமினேட்டோ மேலே எழும்பும். ஒருமுறை உப்பியது காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அது நாள்பட்ட கசிவின் தடயம் என்பதை ஓனரும் அறிவார். அதனால் அன்று காலை துடைத்து வைப்பது பயன்படாது. உப்பிய அகலம் எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

டாய்லெட் டாங்க்குக்கும் இதேபோல ஒரு சோதனை உண்டு. டாங்க் தண்ணீரில் சில துளி உணவு நிறத்தைக் கலந்து, ஃபிளஷ் செய்யாமல் இருபது நிமிடம் விடுங்கள். கீழே பேசினில் நிறம் தெரிந்தால் ஃபிளஷ் வால்வு மூடாமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கட்டிலுக்கு, மெத்தையை எடுத்துவிட்டு அடிப்பலகைகளை எண்ணுங்கள். ஒரு பலகையை மட்டும் நடுவில் கையால் அழுத்தாமல் ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். விரிசல் விட்ட பலகை அழுத்தினால்தான் தெரியும். காலடியில் ஈரம் பட்டுக் கறுத்திருக்கிறதா, கரையான் மண் உண்டா என்றும் பாருங்கள். ஜன்னலில் கொசுவலை கிழிந்திருந்தால் கிழிசலின் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். அதன் விட்டம் 27 மி.மீ. எல்லோருக்கும் தெரிந்த அளவு என்பதால் படத்தைப் பார்த்தவுடன் கிழிசலின் அளவு புரியும்.

போட்டோவில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்த அறை, எந்தச் சுவர் என்று தெரிகிற தூரத்தில் ஒன்று, பிறகு அதே இடத்தில் அருகில் ஒன்று. அருகில் எடுத்தது மட்டும் இருந்தால் அது யார் வீட்டு அலமாரி என்று எதிர்க்கேள்வி வரும். ஓனருக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் போய்விடும்.

இப்போது கழிக்கலாமா கூடாதா என்ற விஷயம். தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமை, பொறுப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. உங்கள் 66,000 அந்த அளவுக்குள் இருக்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. சாவி ஒப்படைத்த தேதியை எழுதி வாங்குவது இதனால்தான் அவசியம். அந்தத் தேதியிலிருந்துதான் மாதம் எண்ணப்படும்.

யார் எதைப் பழுதுபார்ப்பது என்பதற்கு அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இரண்டு பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடித்தல், குழாய்களை மாற்றுதல், வயரிங் ஆகியவை ஓனர் பக்கம். குழாய் வாஷர், சிங்க், வாஷ்பேசின், டாய்லெட், கீசர், சுவிட்ச், சாக்கெட் பழுது, கதவு அலமாரிப் பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி ஆகியவை வாடகைதாரர் பக்கம். எழுத்தில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை இது பொருந்தும். ஆகவே பெயின்ட் விஷயத்தில் முதலில் உங்கள் அக்ரிமென்ட்டைப் படியுங்கள். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்ட்டுக்குப் பிடித்துக்கொள்ளப்படும்" என்று வரி இருந்தால் அது உங்கள் கையெழுத்து, மறுக்க இடம் குறைவு. அந்த வரி இல்லையென்றால், மூன்று வருஷத்தில் மங்கிய சுவருக்குப் பணம் கேட்க அவருக்கு அடிப்படை இல்லை. ஆணி ஓட்டையும் கிரேயான் கோடும் வேறு. அவற்றைச் சுவர்வாரியாக எண்ணி எழுதி, அந்தச் சுவருக்கு மட்டும் பேசுங்கள்.

சாதாரணத் தேய்மானத்துக்குப் பொறுப்பில்லை என்பது பொதுவான விதி. லேமினேட்டின் பளபளப்புப் போவது, கைப்பிடிக்குக் கீழே நிறம் மாறுவது, கட்டில் கால் பட்ட இடத்தில் டைல்ஸ் மங்குவது தேய்மானம். கதவு பெயர்ந்தது, கண்ணாடி உடைந்தது, சூடான பாத்திரம் வைத்து மேடையில் வட்டம் விழுந்தது சேதம். கீசரில் எலிமென்ட் போனால் அது பழுது, வாடகைதாரர் பொறுப்பு. டாங்கே துருப்பிடித்து ஒழுகினால் அது கீசரின் ஆயுள் முடிந்ததைக் காட்டுகிறது. அதற்குப் புதுக் கீசர் விலையைக் கேட்டால், அட்டவணை சொல்வது பழுதுபார்ப்பைத்தானே என்று நீங்கள் கேட்கலாம்.

சேதம் உங்களுடையது என்று ஏற்றாலும் புதிய விலையை முழுதாகத் தர வேண்டுமா? சட்டம் சூத்திரம் எதுவும் தரவில்லை. ஆனால் வயதுக்கேற்பக் கழிப்பது இரு தரப்புக்கும் நியாயம், பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உங்கள் வீட்டில் சிங்க் கீழ் அறையின் பலகையும் கதவும் உப்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாற்றுவதற்குத் தச்சர் 4,800 சொல்கிறார். கிச்சன் போட்டு 6 வருஷம் ஆகிறது, பத்து வருஷம் உழைக்கும் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் மீதி ஆயுள் 4 வருஷம். 4,800இல் பத்தில் நான்கு பங்கு 1,920. கொசுவலை ஒன்று 600, தொலைந்த அலமாரிச் சாவிக்குப் பதிலாகப் பூட்டு மாற்ற 350. மின்வாரிய மீட்டரில் கடைசிக் கணக்கெடுப்புக்குப் பின் ஓடிய யூனிட்டுக்கு 1,140. மொத்தம் 4,010. அட்வான்ஸ் 66,000இல் கழித்தால் 61,990 திரும்ப வர வேண்டும். தொகைகள் உதாரணத்துக்குச் சொன்னவை, கணக்குப் போடும் முறைதான் முக்கியம். தச்சரின் எழுத்துக் கொட்டேஷன் இல்லாமல் எந்தத் தொகையையும் பட்டியலில் ஏற்றாதீர்கள். அன்று தொகை தெரியாவிட்டால் "இந்த இனத்துக்கு இருவரும் கொட்டேஷன் பார்த்து முடிவு செய்வோம்" என்று எழுதி, மற்ற இனங்களில் பிடித்தம் இல்லை என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிட்டால் பிறகு புதிது புதிதாகச் சேர்க்க வழி கிடைக்கும்.

அன்று காலை கடைசியாக எழுத வேண்டியது சாவியும் மீட்டரும். மெயின் கதவுச் சாவி எத்தனை, படுக்கையறைச் சாவி எத்தனை, அலமாரிச் சாவி எத்தனை, தபால் பெட்டிச் சாவி, மொட்டைமாடிச் சாவி, அசோசியேஷன் கேட் கார்டு என்று தனித்தனியாக எண்ணுங்கள். நகல் சாவி செய்திருந்தால் அதையும் கொடுத்துவிட்டு எழுதுங்கள். மின் மீட்டரின் எண்ணைத் தேதி, நேரத்தோடு படமெடுங்கள். அசோசியேஷன் மெயின்டனன்ஸ் எந்த மாதம் வரை கட்டியது என்பதும் ஒரு வரி.

பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டால் நடுப்பக்கத்தை மாற்றிவிட முடியும். இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது வரியில் ஒத்துப்போகாவிட்டால் கையெழுத்தே போடாமல் கிளம்பிவிடாதீர்கள். அந்த வரிக்கு எதிரே அவர் சொல்வதையும் நீங்கள் சொல்வதையும் எழுதி, மற்றவற்றில் ஒப்புதல் வாங்குங்கள். ஒரு வரித் தகராறுக்காக நாற்பது வரி ஒப்புதலை இழக்க வேண்டாம்.

அவர் வரவே மறுத்தால், அசோசியேஷன் செயலாளரையோ பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையோ சாட்சியாக வைத்துக்கொண்டு நீங்களே பட்டியலை நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். அதையும் படங்களையும் அன்றே ஓனருக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, மாற்றுக் கருத்து இருந்தால் ஏழு நாளில் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அட்வான்ஸ் வரும்வரை சாவியைக் கையில் வைத்திருப்போம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சாவி உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கேட்பார், வீடு காலியாகவில்லை என்றும் சொல்வார். எத்தனை சாவி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதிய ரசீதில் அவரோ அவர் சொல்லும் ஆளோ கையெழுத்துப் போட்ட பிறகு கொடுத்துவிடுங்கள்.